உரிமை யாருக்கு? – நிறுவனக் குறிப்பைப் படித்தறிதல்

நுழையும்முன்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியை அடைந்தால், சிப்காட் தொழில் வளாகத்தின் ஆலைகள் வரிசையாகக் காட்சி தருகின்றன. உயர்ந்த மதில், வாயிற்காவல், பெயர்ப்பலகை ஆகியன எல்லா ஆலைகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்துள்ளன. ஆயின், ஓர் ஆலையின் உரிமையாளர் அரசாக இருக்கலாம். பால் கறக்கும் உழவராக இருக்கலாம். ஒரு குடும்பமாக இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பங்குதாரராகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை மதில் காட்டுவதில்லை. நிறுவனத்தைப் பற்றிய குறிப்பு காட்டுகிறது. அக்குறிப்பைப் படிக்கும் முறையைத் திருவள்ளூர்ப் பகுதி நிறுவனங்களின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

'பொது' என்னும் சொல்

பொதுக்கிணறு, பொதுவழி, பொதுச்சாவடி என்னும் வழக்குகளில் 'பொது' என்பது ஊரார் அனைவருக்கும் உரியது என்னும் பொருளைத் தருகிறது. நிறுவனங்களைப் பற்றிய எழுத்தில் இச்சொல் மூன்று வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. 'பொதுத்துறை நிறுவனம்' என்றால் அரசு தன் பங்கின் வலிமையால் கட்டுப்படுத்தும் நிறுவனம். 'பொது நிறுவனம்' என்றால், பெயரின் இறுதியில் 'லிமிடெட்' என்று மட்டும் கொண்டு, சட்டப்படி பொதுமக்களிடம் பங்குகளை விற்கும் தகுதி பெற்ற நிறுவனம். 'பொதுமக்கள் பங்கு' என்றால், நிறுவனத்தைத் தோற்றுவித்தோர் அல்லாத பிறர் கையிலுள்ள பங்கு.

இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதே நிறுவனக் குறிப்பைப் படிப்போர் செய்யும் முதற்பிழை. 'பப்ளிக் லிமிடெட்' என்று கண்டவுடன் அரசு நிறுவனம் என்று எண்ணுவோர் உளர். பங்குச்சந்தையில் விலை போகும் நிறுவனம் அரசுடையதாக இருக்க இயலாது என்று எண்ணுவோரும் உளர். இரண்டு எண்ணங்களும் தவறானவை.

பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

நிறுவனக் குறிப்பில் உரிமையைக் காட்டும் இடங்கள் நான்கு. முதலாவது, பெயரின் இறுதிச்சொல். இரண்டாவது, பதிவு எண். மூன்றாவது, பங்குகளை வைத்திருப்போர் பட்டியல். நான்காவது, இயக்குநர்களை நியமிப்பது யார் என்னும் செய்தி. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே உரிமையின் வடிவத்தை அறிய வேண்டும்.

இவற்றுள் பதிவு எண் தனிக் கவனத்திற்குரியது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் தன் கடிதத்தாளில் நிறுவன அடையாள எண்ணை அச்சிட வேண்டும் என்கிறது. CIN என்று குறிக்கப்படும் இவ்வெண், எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த இருபத்தொரு குறிகளால் ஆனது. சான்றாக, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் லிமிடெட் நிறுவனத்தின் எண் இது:

```
L40101TN1965GOI005389
```

முதலெழுத்தாகிய L, அந்நிறுவனத்தின் பங்குகள் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ளன என்பதைக் காட்டுகிறது. பட்டியலிடப்படாத நிறுவனமாயின் அவ்விடத்தில் U நிற்கும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் வகையையும், TN என்பது பதிவு செய்யப்பட்ட மாநிலத்தையும், 1965 என்பது பதிவான ஆண்டையும் குறிக்கின்றன. அதன்பின் வரும் மூன்றெழுத்தே உரிமை வகைக்கு உரிய இடம். GOI என்பது மத்திய அரசின் நிறுவனம். SGC என்பது மாநில அரசின் நிறுவனம். PLC என்பது பொது நிறுவனம். PTC என்பது தனியார் நிறுவனம். இறுதி ஆறு இலக்கங்கள் பதிவு வரிசை எண்.

ஒரே எண்ணில் L என்பதும் GOI என்பதும் இணைந்து நிற்பதை இங்குக் காண்கிறோம். அரசு நிறுவனமாகவும் பங்குச்சந்தையில் விற்கப்படும் நிறுவனமாகவும் ஒன்றே இருக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று. அது எவ்வாறு இயலும் என்பதை அந்நிறுவனத்தின் வரலாறு விளக்குகிறது.

மணலி ஆலையின் உரிமை

மணலி இன்று சென்னை மாவட்டத்தில் உள்ளது. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் என்னும் பெயரில் இந்நிறுவனம் தோன்றியபோது அதன் பங்குதாரர் மூவர். மத்திய அரசு 74 விழுக்காடும், அமோகோ என்னும் அமெரிக்க நிறுவனம் 13 விழுக்காடும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் 13 விழுக்காடும் வைத்திருந்தன. 1985இல் அமோகோ விலகியது. 1990களில் பங்குகளின் ஒரு பகுதி நிதி நிறுவனங்களுக்கும், பின்னர்ப் பொதுமக்களுக்கும் சென்றது. 2000-01இல் மத்திய அரசு தன் பங்கை இந்தியன் ஆயில் நிறுவனத்திற்கு மாற்றியது. ஆலையின் பெயரும் இன்றுள்ளவாறு மாறியது.

இன்று அதன் பங்குப் பட்டியலில் இந்தியன் ஆயில் 51.89 விழுக்காட்டையும், ஈரானிய எண்ணெய் நிறுவனத்தின் சார்பு நிறுவனமாகிய நஃப்திரான் 15.40 விழுக்காட்டையும் வைத்துள்ளன. எஞ்சிய 32.71 விழுக்காடு வங்கி, காப்பீட்டு நிறுவனம், பரஸ்பர நிதி, தனிமனிதர் ஆகியோரிடம் பரவிக் கிடக்கிறது. இப்பட்டியலில் மத்திய அரசின் பெயர் நேரடிப் பெரும்பங்குதாரராக இல்லை. அவ்வாறாயின் GOI என்னும் குறி எவ்வாறு பொருந்தும்?

விடை சட்டத்தில் உள்ளது. மத்திய அரசோ மாநில அரசோ, இரண்டும் சேர்ந்தோ 51 விழுக்காட்டிற்குக் குறையாத பங்கை வைத்திருந்தால் அது அரசு நிறுவனம். அரசு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமும் அரசு நிறுவனமே. இந்தியன் ஆயிலில் மத்திய அரசின் பங்கு 51.50 விழுக்காடு; எனவே அஃது அரசு நிறுவனம். மணலி ஆலை இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். எனவே அதுவும் அரசு நிறுவனம்.

இங்கு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மணலி ஆலை நூறு ரூபாயைப் பங்காதாயமாக வழங்குகிறது என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 52 ரூபாய் இந்தியன் ஆயிலைச் சேரும். அந்த 52 ரூபாயில் மத்திய அரசின் பங்குக்கு உரியது ஏறத்தாழப் பாதி, அதாவது 27 ரூபாய். ஆதாயத்தில் கால்பகுதிக்குச் சற்று மேல் மட்டுமே அரசின் பங்குக்கு உரியது. ஆனால் ஆலையை நடத்தும் அதிகாரமோ அரசின் கையில் உள்ளது. ஒவ்வொரு படியிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு இருந்தமையே இதற்குக் காரணம். ஆதாயத்தில் பெறும் பங்கும் கட்டுப்பாட்டில் பெறும் பங்கும் ஒரே அளவினவாக இருக்க வேண்டியதில்லை என்பதே இக்கணக்கு உணர்த்தும் உண்மை.

நான்காவது இடமும் இம்முடிவை உறுதி செய்கிறது. அரசு நிறுவனத்தின் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர். அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. இச்செய்திகள் காணப்படின், பெயரில் 'அரசு' என்னும் சொல் இல்லாவிடினும் அஃது அரசு நிறுவனம் என்று அறியலாம்.

அரசுத் துறையும் அரசு நிறுவனமும்

ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலை இராணுவ டாங்கிகளை உருவாக்குவது. 2021 செப்டம்பர் முடிய அது நிறுவனமன்று. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கிய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் ஒரு பகுதி. அதற்கெனப் பங்குகளும் இல்லை. நிறுவன அடையாள எண்ணும் இல்லை. 2021 அக்டோபர் 1 அன்று அவ்வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆவடித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம் லிமிடெட் நிறுவனத்தின் கீழ் வந்தது. அந்நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் மத்திய அரசுக்கு உரியவை. பங்குச்சந்தையில் அவை இல்லை. ஆதலின் அதன் எண் U என்று தொடங்கி, உரிமை இடத்தில் GOI என்று நிற்கிறது.

முன்னும் பின்னும் உரிமையாளர் அரசே. இருப்பினும், அங்குப் பணிபுரிவோர்க்கு அம்மாற்றம் சிறியதன்று. துறையின் ஊழியர் நேரடி அரசு ஊழியர். நிறுவனத்தின் ஊழியர் அந்நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டவர். இதனாலேயே அன்று தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. பணியிலிருந்தோர் முதலில் அயற்பணியில் அமர்த்தப்பட்டவராகக் கருதப்பட்டு, அரசு ஊழியர் என்னும் நிலையிலேயே தொடர்ந்தனர். 'அரசுக்குச் சொந்தம்' என்னும் சொற்றொடருக்குள்ளும் துறை, நிறுவனம் என்னும் வேறுபாடு உண்டு என்பதைக் குறிப்பைப் படிப்போர் மறத்தல் ஆகாது.

உறுப்பினரே உரிமையாளர்

ஆவின் பால் உறையைக் கையில் எடுப்போர் பலர் அதனை அரசின் பால் என்றே கருதுகின்றனர். உறையில் காணப்படும் பெயரோ தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் என்பது. இப்பணி ஒரு காலத்தில் அரசினுடையதாகவே இருந்தது. அரசின் பால்வளத் துறை செய்துவந்த விற்பனைப் பணி, 1972இல் தமிழ்நாடு பால்வள வளர்ச்சிக் கழகம் என்னும் அரசு நிறுவனத்திற்குச் சென்றது. 1981 பிப்ரவரி 1 முதல் கூட்டுறவு இணையத்தின் பொறுப்பாயிற்று. ஒரே தொழில், துறை, அரசு நிறுவனம், கூட்டுறவு என மூன்று உரிமை வடிவங்களைக் கண்டிருக்கிறது.

இதன் அமைப்பு மூன்று படிகளைக் கொண்டது. சிற்றூரில் பால் ஊற்றும் உழவர்கள் தொடக்கச் சங்கத்தின் உறுப்பினர்கள். தொடக்கச் சங்கங்கள் மாவட்ட ஒன்றியத்தின் உறுப்பினர்கள். ஒன்றியங்கள் மாநில இணையத்தின் உறுப்பினர்கள். உரிமை கீழிருந்து மேலே செல்கிறது.

கூட்டுறவின் குறிப்பில் நிறுவன அடையாள எண்ணைத் தேடினால் கிடைக்காது. அது நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவானதன்று; கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவாளரிடம் பதிவானது. ஆயினும் பெயரின் இறுதியில் 'லிமிடெட்' என்னும் சொல் இங்கும் வருவதுண்டு. ஆதலின் இறுதிச்சொல்லை மட்டும் நம்புவோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

மெய்யான வேறுபாடு வாக்குரிமையில் உள்ளது. நிறுவனத்தில் பங்குக்கு ஒரு வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. ஒரு மாடு வைத்திருப்பவரும் பத்து மாடு வைத்திருப்பவரும் தம் சங்கத் தேர்தலில் ஒரே வலிமை உடையவர். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் இயங்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இவ்வகையைச் சார்ந்தது. அங்குக் கரும்பு வழங்கும் உழவர்-உறுப்பினர் ஒரே வேளையில் சரக்கை விற்பவராகவும் ஆலையின் உரிமையாளருள் ஒருவராகவும் இருக்கிறார். கரும்புக்கான தொகை தாமதமாகும்போது அவர் கடன்காரரின் வாயிலில் நிற்பவர் மட்டுமல்லர். பேரவைக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமையும் உடையவர்.

எனினும் ஏட்டிலுள்ள உரிமை எப்போதும் நடைமுறையில் முழுமையாக விளங்குவதில்லை. கூட்டுறவு நிறுவனங்களில் அரசும் பங்குத்தொகை செலுத்துவதுண்டு. மேலாண்மை இயக்குநராக அரசு அலுவலரே அமர்வதுண்டு. நிருவாகக் குழுவுக்குத் தேர்தல் நடவாத காலங்களில் தனி அலுவலர் பொறுப்பேற்கிறார். எனவே கூட்டுறவின் குறிப்பில், 'தலைவர்' என்னும் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெயர் உள்ளதா, 'தனி அலுவலர்' என்று உள்ளதா என்பதைப் பார்த்தல் வேண்டும். உறுப்பினரின் உரிமை அவ்வேளையில் எந்நிலையில் உள்ளது என்பதை அந்த ஓரிடமே காட்டிவிடும்.

குடும்பமும் பங்குச்சந்தையும்

குடும்பத்திற்கு உரிய நிறுவனங்கள் இருவகையாகத் தோன்றுகின்றன. முதல்வகை, பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம். சிறிய உருக்காலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பெயரின் இறுதியில் 'பிரைவேட் லிமிடெட்' என்றிருக்கும்; எண்ணில் U, PTC என்னும் குறிகள் இருக்கும்; இயக்குநர் பட்டியலில் தந்தை, மகன், மருமகள் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். பங்குகளை விரும்பியவாறு வெளியாருக்கு விற்க நிறுவன விதிகளே தடை செய்யும். பங்குதாரர் விவரம் ஆண்டுக்கு ஒருமுறை பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படும். நாளிதழிலோ பங்குச்சந்தையிலோ அதனைக் காண இயலாது.

ஆயினும் 'பிரைவேட் லிமிடெட்' என்பது குடும்பம் என்று பொருள்படாது. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் மண்ணள்ளும் இயந்திரங்களுடன் தொடர்புடைய ஆலையை நடத்தும் கேட்டர்பில்லர் இந்தியா ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். அதன் தாய் நிறுவனமோ நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள அமெரிக்கப் பெருநிறுவனம். நேரடி உரிமையாளரோடு நின்றுவிடாமல், அவருக்கு உரிமையாளர் யார் என்றும் தேட வேண்டும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் வகை, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டும் குடும்பத்தின் வழிகாட்டலில் இயங்குவது. முருகப்பா குழுமத்தைச் சார்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா லிமிடெட் இதற்கு எடுத்துக்காட்டு. 1949இல் தொடங்கிய அதன் மிதிவண்டித் தொழில் அம்பத்தூரில் வேரூன்றியது. அதன் அடையாள எண்ணில் L, PLC என்னும் குறிகள் உள்ளன. 'குடும்பம்' என்பதற்கான குறி எதுவும் இல்லை. அவ்வெண்ணில் அத்தகைய குறியே கிடையாது. குடும்பத்தைக் காணப் பங்குப் பட்டியலுக்கே செல்ல வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாள்களுக்குள் இப்பட்டியலைப் பங்குச்சந்தையிடம் அளிக்கக் கடமைப்பட்டவை. அதில் 'தோற்றுவித்தோர்' என்னும் தலைப்பின்கீழ்க் குடும்பத்தினர் பலரின் பெயர்களும், குடும்ப அறக்கட்டளைகளும், குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமும் தனித்தனி வரிகளாக வருகின்றன. ஒவ்வொரு வரியும் சிறிது. கூட்டிப் பார்த்தால் மொத்தப் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய பங்கு பலரிடம் சிதறியிருப்பதால் ஒருங்கிணைந்து நிற்கும் அப்பகுதியே வழிநடத்தும் வலிமை பெறுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் அடையாள எண்ணில் உள்ள ஆண்டு 2008. தொழில் தொடங்கியதோ 1949. பழைய நிறுவனத்தின் நிதித் தொழிலும் உற்பத்தித் தொழிலும் 2017இல் பிரிக்கப்பட்டபோது, உற்பத்தி 2008இல் பதிவான வேறொரு நிறுவனத்திற்குச் சென்றது. 'டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' என்னும் பெயரும் அதனுடன் சென்றது. அடையாள எண் காட்டும் ஆண்டு சட்ட வடிவின் பிறப்பு, தொழிலின் பிறப்பன்று.

கேள்வியை யாரிடம் கேட்பது?

உரிமையின் வடிவத்தை அறிவதன் பயன், சிக்கல் தோன்றும் நாளில் விளங்கும். அரசு நிறுவனமாயின் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் விண்ணப்பித்து விவரம் பெறலாம். தனியார் நிறுவனத்திடம் அவ்வாறு நேரடியாகக் கேட்க இயலாது. கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றிருப்பதனாலேயே அச்சட்டத்திற்கு உட்படாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துள்ளது. அங்கு உறுப்பினர் என்னும் நிலையே முதல் ஆற்றல். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம்.

வேலை தேடும் இளைஞர்க்கும் இவ்வறிவு தேவை. மணலியிலோ ஆவடியிலோ ஆலைக்குள் பணி என்று விளம்பரம் வந்தால், பணியமர்த்துவது அவ்வாலையின் நிறுவனமா, அங்கு ஒப்பந்தம் பெற்ற வேறொரு நிறுவனமா என்பதை நியமன ஆணையின் தலைப்பிலுள்ள பெயரும் எண்ணும் காட்டும். மதிலுக்குள் உள்ள ஆலை அரசினுடையதாக இருப்பதனாலேயே அதனுள் செய்யும் பணி அரசுப்பணி ஆகிவிடாது. ஆணையின் தலைப்பில் GOI என்னும் மூன்றெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் PTC இருந்தால், ஊதியம், விடுப்பு, பணிப்பாதுகாப்பு ஆகிய அனைத்துக்கும் பொறுப்பாளர் வேறொருவர் என்பதைக் கையொப்பமிடும் முன்னரே அறிந்துகொள்ளலாம்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிற்கு வரும் பொருள்களின் உறைகளுள் மூன்றினைத் திரட்டி, அவற்றிலுள்ள நிறுவனப் பெயர்களின் இறுதிச்சொல்லைக் கொண்டு உரிமை வகையை ஊகிக்க. அவ்வூகத்தை உறுதி செய்ய வேறு எவ்விடங்களைப் பார்க்க வேண்டும் என எழுதுக.
2. உங்கள் ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையைக் கண்டு, அங்குக் குறிக்கப்பட்டிருப்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரா, தனி அலுவலரா என அறிந்து வகுப்பில் கூறுக.

மதிப்பீடு

*குறுவினா*
1. நிறுவனங்களைப் பற்றிய எழுத்தில் 'பொது' என்னும் சொல் பெறும் மூன்று பொருள்கள் யாவை?
2. கூட்டுறவுச் சங்கத்திற்கு நிறுவன அடையாள எண் இல்லாமைக்குக் காரணம் என்ன?

*சிறுவினா*
1. பங்குப் பட்டியலில் மத்திய அரசு நேரடிப் பெரும்பங்குதாரராக இல்லாதிருந்தும் மணலி ஆலை அரசு நிறுவனம் ஆவது எவ்வாறு?
2. நிறுவனத்தின் வாக்குரிமையையும் கூட்டுறவின் வாக்குரிமையையும் ஒப்பிடுக.

*நெடுவினா*
ஒரு நிறுவனத்தின் உரிமையை அறிய அதன் பெயர் மட்டும் போதாது என்பதைத் திருவள்ளூர்ப் பகுதி நிறுவனங்களைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.